அறுபதால் வகுத்த வாடகை

கேள்வி: ஐயா, கடலூரில் நெல்லிக்குப்பம் சாலைப் பக்கம் எங்களுக்குச் சொந்தமாக ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. மேலே 400 பேர் உட்காரும் கூடம், கீழே சாப்பாட்டுக் கூடம், 8 அறைகள். முதல் நாள் மாலை சாவி கொடுத்தால் மறுநாள் மூன்று மணிக்கு வாங்கிக்கொள்வோம். வாடகை ரூ.60,000, ஜிஎஸ்டி தனி. கரண்டும் ஜெனரேட்டரும் வாடகையிலேயே அடக்கம். போன ஆண்டு 60 நிகழ்ச்சிகள் நடந்தன. எல்லாச் செலவையும் கூட்டினால் ரூ.38,10,000 வருகிறது, அறுபதால் வகுத்தால் ஒன்றுக்கு ரூ.63,500. ஒவ்வொன்றிலும் ரூ.3,500 நஷ்டம் என்பதால் வாடகையை ரூ.75,000 ஆக்க நினைக்கிறேன். இதற்கிடையில் ஆடியில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குக் கீழ்க்கூடத்தை மட்டும் அரை நாளுக்கு ரூ.25,000க்குக் கேட்டார்கள். மகன் கொடுக்கலாம் என்றான். இன்னும் நஷ்டமாகும் என்று நான் மறுத்துவிட்டேன். கணக்கு நகலும் முன்பதிவு டைரியின் நகலும் இணைத்திருக்கிறேன். யார் செய்தது சரி?

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்கள் அனுப்பிய தாள்களில் முதலில் என் கண்ணில் பட்டது ஜெனரேட்டர். பங்குனியில் வாங்கிய புது ஜெனரேட்டரின் விலை ரூ.7,50,000 முழுவதையும் அந்த ஓர் ஆண்டின் செலவாக எழுதியிருக்கிறீர்கள். பணம் அந்த ஆண்டில் போனது உண்மைதான். ஆனால் அந்த எந்திரம் இனி வரும் பல ஆண்டுகளின் கல்யாணங்களுக்கும் ஓடப்போகிறது. அதன் விலை மொத்தத்தையும் போன ஆண்டு வந்த 60 குடும்பங்களின் தலையில் வைப்பதற்கு நியாயம் இல்லை. உள்மாவட்டங்களில் உள்ள மண்டபம் என்றால் இன்னும் கூடுதல் ஆயுள் போட்டிருப்பேன். கடலூரின் உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை உங்கள் பழைய மடக்கு நாற்காலிகளே சொல்லும் என்பதால் 10 ஆண்டு என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் ஆண்டுக்கு ரூ.75,000தான் செலவு.

இரண்டாவது, வங்கித் தவணை. மாதம் ரூ.90,000 வீதம் ரூ.10,80,000 என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். வங்கி கொடுத்த ஆண்டுச் சான்றில் அது இரண்டாகப் பிரிந்திருக்கிறது: வட்டி ரூ.6,30,000, அசல் ரூ.4,50,000. வட்டி செலவு. அசல் அப்படியல்ல, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது கடனைக் குறைக்கிறதே தவிர, மண்டபத்தை நடத்தும் செலவைக் கூட்டுவதில்லை. ஆகவே அதையும் எடுத்துவிட்டேன்.

இரண்டை எடுத்த கையோடு, உங்கள் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கட்டடமும் நாற்காலிகளும் அண்டா குண்டான்களும் மணமக்கள் அறை ஏசியும் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. அதற்கு யாருக்கும் ரொக்கம் கொடுப்பதில்லை என்பதால் அது யார் புத்தகத்திலும் ஏறுவதில்லை. நிலத்தின் மதிப்பை விட்டுவிட்டுக் கட்டடத்தின் ரூ.80 லட்சத்தை 40 ஆண்டுகளுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு ரூ.2,00,000, தட்டுமுட்டுச் சாமான்களுக்கு ரூ.1,25,000, ஜெனரேட்டரின் ரூ.75,000. ஆக, தேய்மானம் ரூ.4,00,000.

இப்படித் திருத்தினால் உங்கள் ஆண்டுச் செலவு ரூ.38,10,000 அல்ல, ரூ.30,10,000. வாடகை வரவு ரூ.36,00,000. அதாவது போன ஆண்டு உங்கள் மண்டபம் ரூ.5,90,000 லாபத்தில் ஓடியிருக்கிறது.

'லாபம் என்றால் பணம் எங்கே' என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் கணக்கு நேராகவே வருகிறது. லாபம் ரூ.5,90,000 போக, தேய்மானம் என்று எழுதிய ரூ.4,00,000 கையை விட்டுப் போகாத பணம். இரண்டும் சேர்ந்து ரூ.9,90,000 உங்களிடம் வந்தது. அதில் ரூ.4,50,000 கடன் அசலுக்குப் போனது, ரூ.7,50,000 ஜெனரேட்டருக்குப் போனது. பற்றாக்குறை ரூ.2,10,000. நீங்கள் நஷ்டம் என்று நினைத்த ரூ.3,500ஐ அறுபதால் பெருக்கிப் பாருங்கள், அதே தொகைதான். பெட்டியில் பணம் குறைந்ததை நீங்கள் கண்டது சரி. அதற்கு வாடகை போதாமல் இருப்பதே காரணம் என்று எடுத்துக்கொண்டதுதான் பிசகு. ஜெனரேட்டருக்கு ஐந்தாண்டுத் தவணையில் கடன் வாங்கியிருந்தால் அந்தப் பற்றாக்குறையே உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

அதற்காக ரூ.5,90,000 போதும் என்று நான் சொல்லவில்லை. நிலத்துக்கு இந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை. உங்கள் மகன் தினமும் அலுவலக அறையில் உட்கார்ந்து முன்பதிவைப் பார்க்கிறார். அவருக்குச் சம்பளமும் இல்லை. வெளியாள் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதையும், நிலத்துக்கு ஒரு நியாயமான பலனையும் சேர்த்து, ஆண்டுக்கு ரூ.10 லட்சமாவது மிஞ்ச வேண்டும் என்று இலக்கு வைக்கலாம். வாடகையை மாற்ற வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். எந்த நாளுக்கு, எவ்வளவு என்பதில்தான் வேறுபடுகிறேன்.

அதற்குச் செலவை வேறு விதமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு செலவையும் எடுத்து, நாளைக்கு ஒரு நிகழ்ச்சி ரத்தானால் இது குறையுமா என்று கேளுங்கள். மேலாளர், காவலாளிகள், நிரந்தரத் துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் சம்பளம் ரூ.6,24,000 குறையாது. சொத்து வரி, உரிமங்கள், காப்பீடு ஆகியவற்றின் ரூ.1,56,000 குறையாது. வெள்ளையடிப்பு, பழுதுபார்ப்பு ரூ.2,40,000, வட்டி, தேய்மானம், எதுவும் குறையாது. நிகழ்ச்சிக்கென்றே தனியாக வரும் துப்புரவுப் பெண்களின் கூலி, எச்சில் இலையும் குப்பையும் அள்ளும் வண்டி, பினாயில், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ரூ.5,000 ஆகிறது, இது குறையும். டீசல் ஆண்டுக்கு ரூ.2,40,000, அதாவது நிகழ்ச்சிக்குச் சராசரியாக ரூ.4,000, இதுவும் குறையும்.

மின்சாரம்தான் இரண்டிலும் கால் வைத்து நிற்கிறது. ஒப்பந்த மின்சுமைக்கு உரிய நிலைக்கட்டணம், காவலாளி அறை விளக்கு, வெளிவிளக்குகள், தண்ணீர் மோட்டார், இவையெல்லாம் மண்டபம் பூட்டிக் கிடந்தாலும் உண்டு. மேடை விளக்கும் ஏசியும் கிரைண்டரும் நிகழ்ச்சி இருந்தால்தான் உண்டு. இரண்டையும் பிரிக்க உங்கள் பில்களை இரண்டிரண்டு மாதமாகச் சேர்த்து அடுக்கிப் பார்த்தேன். மிகக் குறைந்த இரண்டு மாதத்தில் 4 நிகழ்ச்சிகள், பில் ரூ.46,000. மிக அதிகமான இரண்டு மாதத்தில் 16 நிகழ்ச்சிகள், பில் ரூ.94,000. நிகழ்ச்சி 12 கூடியதற்குக் கட்டணம் ரூ.48,000 கூடியிருக்கிறது, ஆக ஒரு நிகழ்ச்சிக்கு ரூ.4,000. நான்கு நிகழ்ச்சிக்கு ரூ.16,000 போனால் மீதி ரூ.30,000 யாரும் வராவிட்டாலும் கட்ட வேண்டியது, ஆண்டுக்கு ரூ.1,80,000. அறுபது நிகழ்ச்சிக்கான ரூ.2,40,000ஐயும் சேர்த்தால் உங்கள் ஆண்டு மின்கட்டணம் ரூ.4,20,000 அப்படியே வந்துவிடுகிறது.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அதிகக் கட்டணம் வந்த அந்த இரண்டு மாதமும் வெயில் காலம். வைகாசிக் கல்யாணத்தில் ஏசி ஓடுவதும் தையில் ஓடுவதும் ஒன்றல்ல, ஆகவே ரூ.4,000 என்பது சற்று மிகையாக இருக்கலாம். சரிபார்க்க ஒரே வழிதான்: சாவி கொடுக்கும்போது ஒரு முறை, திரும்ப வாங்கும்போது ஒரு முறை மீட்டரைப் படித்து மேலாளர் நோட்டில் எழுத வேண்டும். பத்து நிகழ்ச்சிக்கு எழுதினாலே என் மதிப்பீடு எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

டீசலிலும் சராசரி ஏமாற்றும். நம் ஊரில் ஐப்பசியும் கார்த்திகையும் முகூர்த்த மாதங்கள், அவையே புயல் மாதங்களும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்த பிறகு கடலூரில் மின்சாரம் எத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அப்படி ஒரு நாளில் விழும் கல்யாணத்தின் டீசல் ரூ.4,000க்குள் நிற்காது. ஆகவே வாடகையில் அடங்கிய ஜெனரேட்டர் ஓட்டத்துக்கு ஒரு மணிக்கணக்கு வைத்து, அதற்கு மேல் ஓடினால் மணிக்கு இவ்வளவு என்று ரசீதுப் புத்தகத்தின் நிபந்தனைகளில் அச்சிட்டுவிடுங்கள். ஜெனரேட்டரில் ஓட்ட நேரத்தைக் காட்டும் மீட்டர் இருக்கும். அதையும் பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ பார்க்க, சாவி கொடுக்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் கணக்கு முடிக்கும் நேரத்தில், பந்தி முடிந்து எல்லோரும் களைத்திருக்கும்போது, எழுதாத மீட்டரைப் பற்றிப் பேசினால் சண்டைதான் வரும்.

ஆக, ஒரு முழு நிகழ்ச்சி தன்னோடு கொண்டுவரும் செலவு மின்சாரம், டீசல், துப்புரவு மூன்றும் சேர்த்து ரூ.13,000. யார் வந்தாலும் வராவிட்டாலும் நிற்கும் செலவு ஆண்டுக்கு ரூ.22,30,000. உங்கள் வாடகை ரூ.60,000இல் ரூ.13,000 போக ரூ.47,000 இந்த நிலைச் செலவை அடைக்கப் போகிறது. 48ஆவது நிகழ்ச்சியில் அது அடைபட்டுவிடுகிறது. அதன் பிறகு வருபவைதான் லாபம்.

ஆண்டுச் செலவை நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையால் வகுப்பதில் உள்ள ஆபத்தை இப்போது பார்க்கலாம். திருத்திய கணக்கின்படி 60 நிகழ்ச்சி என்றால் ஒன்றுக்கு ஏறத்தாழ ரூ.50,170 ஆகிறது. அதுவே 50 நிகழ்ச்சி என்றால் ரூ.57,600; 40 என்றால் ரூ.68,750. கல்யாணத்தில் எதுவும் மாறவில்லை, அதே பந்தி, அதே மேடை. ஆனாலும் 'அடக்கம்' ஏறிக்கொண்டே போகிறது. வரவு குறைந்த ஆண்டில் இந்த எண்ணைப் பார்த்து வாடகையை ஏற்றினால் அடுத்த ஆண்டு இன்னும் சிலர் வேறு மண்டபத்துக்குப் போவார்கள். அப்போது வகுக்கும் எண் இன்னும் சிறுத்து, அடக்கம் இன்னும் ஏறி, மறுபடியும் வாடகையை ஏற்றச் சொல்லும். பக்கத்தில் புது மண்டபம் திறந்த பிறகு பழைய மண்டபங்கள் சில இப்படித்தான் தங்களுக்குத் தாங்களே பூட்டுப் போட்டுக்கொண்டன.

இனி ஆடி மாதத்துப் பிறந்தநாளுக்கு வருகிறேன். கீழ்க்கூடம் மட்டும், அரை நாள், அறைகள் இல்லை, மேடை இல்லை. மின்சாரத்துக்கு ரூ.2,000, டீசலுக்கு ரூ.1,500, துப்புரவுக்கு ரூ.4,000 என்று தாராளமாகவே போட்டாலும் அந்த விழா உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும் செலவு ரூ.7,500. கொடுக்க முன்வந்தது ரூ.25,000. அன்றைக்குக் காவலாளியும் மேலாளரும் சம்பளம் வாங்கிக்கொண்டு காலிக் கூடத்தைக் காத்திருப்பார்கள். ஆடியில் வேறு கல்யாணம் வந்து அந்த நாளைக் கேட்கப் போவதும் இல்லை. ஆகவே நீங்கள் மறுத்தது ரூ.38,500 நஷ்டத்தையல்ல, ரூ.17,500 வரவை. இந்த இடத்தில் உங்கள் மகன் சொன்னதே சரி.

ஆனால் அவர் சொன்னதை எல்லா நாளுக்கும் நீட்டிவிடக் கூடாது. பண்ருட்டிப் பக்கம் ஒரு மண்டபத்துக்கு நான் கணக்குப் பார்த்தபோது இதே ஆலோசனையைக் கொடுத்தேன். வேலியை மட்டும் சரியாகப் போடாமல் விட்டுவிட்டேன். அரை நாள் வாடகை என்று பலகையில் எழுதி வைத்தார்கள். அடுத்த ஆண்டு, கோயிலில் தாலி கட்டிவிட்டு வந்து மாலை வரவேற்பு மட்டும் நடத்தும் குடும்பங்கள், அதுவரை முழு வாடகை கொடுத்து வந்தவர்கள், வரிசையாக அரை நாளுக்கு மாறிவிட்டார்கள். நிகழ்ச்சி எண்ணிக்கை கூடியது, வரவு குறைந்தது. தவறு என்னுடையது.

உங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் தாலி கட்டிவிட்டு ஊருக்குள் வந்து வரவேற்பு வைப்பவர்கள் உங்கள் டைரியிலேயே நிறைய இருக்கிறார்கள். முகூர்த்தம் அல்லாத நாளில் நடந்த உங்கள் 16 நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை, மறுநாளோ அடுத்த ஞாயிறோ வைத்த இந்த மாதிரி வரவேற்புகள்; அவர்கள் ரூ.60,000 கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ரூ.25,000க்கு நழுவினால் உங்களுக்கு மிஞ்சுவது ரூ.47,000இலிருந்து ரூ.17,500 ஆகச் சுருங்கும். ஒரு நழுவலின் இழப்பு ரூ.29,500, அதை ஈடுகட்ட ஏறக்குறைய இரண்டு புதிய பிறந்தநாள் விழாக்கள் வேண்டும். ஆகவே அரை நாள் வாடகை கீழ்க்கூடத்துக்கு மட்டும், மேல்கூடத்துக்கும் மேடைக்கும் எந்த நாளிலும் இல்லை. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்று மாதங்களில் எல்லா நாளும், மற்ற மாதங்களில் திங்கள் முதல் வியாழன் வரை முகூர்த்தம் இல்லாத நாள் மட்டும். மணமக்கள் அறை உள்ளிட்ட எந்த அறையும் கிடையாது. மேடை இல்லாத இடத்தில் யாரும் வரவேற்பு வைக்க மாட்டார்கள். அதுவே போதுமான வேலி. முகூர்த்த நாளைச் சின்ன விழாவுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடவும் கூடாது. உங்கள் டைரியில் கல்யாண முன்பதிவுகள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு முன்பே முடிந்துவிடுகின்றன; அதனால் முகூர்த்த நாள் ஒன்று, ஒரு மாதம் இருக்கும்போதும் காலியாக இருந்தால் மட்டும் அதைச் சின்ன விழாவுக்குத் திறக்கலாம்.

அடுத்து, ரூ.75,000. அந்த வாடகையில் ஒரு நிகழ்ச்சியில் மிஞ்சுவது ரூ.62,000. இப்போது 60 நிகழ்ச்சியில் மிஞ்சும் ரூ.28,20,000ஐ அந்த வாடகையில் 46 நிகழ்ச்சியே கொடுத்துவிடும். ஆகவே எல்லா நாளுக்கும் ஏற்றினாலும் 14 குடும்பங்கள் வரை போவதைத் தாங்கலாம். பதினைந்தாவது குடும்பம் போனால் இப்போது இருப்பதைவிடக் குறையும். இப்படிப் பார்த்தால் உங்கள் யோசனை மூடத்தனமானது அல்ல. ஆனால் முகூர்த்தம் அல்லாத நாளில் வந்த 16 பேரும் நாளை மாற்றிக்கொள்ளவும் மண்டபத்தை மாற்றிக்கொள்ளவும் வசதி உள்ளவர்கள். முதலில் போவது அவர்கள்தான், எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அந்தப் பதினைந்தை ஒட்டியே நிற்கிறது. அந்தப் பந்தயத்தை நான் கட்ட மாட்டேன்.

உங்கள் மேலாளர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். நாள் கொடுக்க முடியாமல் திருப்பி அனுப்பியவர்களின் பெயரையும் டைரியின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார். வாடகை நிர்ணயத்துக்கு இந்தப் பென்சில் குறிப்புகள் மற்றெல்லா ரசீதுகளையும்விடப் பெரிய ஆதாரம். முகூர்த்த நாளில் நடந்த 44 நிகழ்ச்சிகளில் 24 நாட்களுக்கு, குறைந்தது இரண்டு குடும்பங்களாவது கேட்டு ஏமாந்து போயிருக்கின்றன. பார்த்தால் எல்லாமே ஞாயிறு அல்லது வெள்ளியில் வந்த வளர்பிறை முகூர்த்தங்கள். மற்ற 20 நாட்களில் ஓரத்தில் எதுவும் இல்லை. வந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த 24 நாட்களுக்கு மட்டும் ரூ.75,000 வையுங்கள். ஒருவர் விலகினாலும் பின்னால் இருவர் நின்ற நாட்கள் அவை. மற்ற முகூர்த்த நாட்களுக்கும் வெறும் நாள் வரவேற்புகளுக்கும் ரூ.60,000 அப்படியே இருக்கட்டும்.

இதில் வருவது: 24 நாட்களில் தலா ரூ.62,000, மற்ற 36இல் தலா ரூ.47,000, மொத்தம் ரூ.31,80,000. அரை நாள் விழாக்கள் ஆண்டுக்கு 15 வந்தால் மேலும் ரூ.2,62,500. நிலைச் செலவு ரூ.22,30,000ஐக் கழித்தால் மிச்சம் ரூ.12,12,500. உயர்ந்த வாடகையால் இரண்டு பெரிய முகூர்த்தங்கள் கைநழுவிப் போனாலும் ரூ.10,88,500 நிற்கும். அரை நாள் விழா ஒன்றுகூட வராத ஆண்டில் ரூ.9,50,000, அதாவது இலக்குக்குச் சற்றுக் கீழே. இவை வருமான வரிக்கு முந்தைய தொகைகள். கடன் அசல் ரூ.4,50,000ஐயும் இதிலிருந்தும் தேய்மானத்துக்கு ஒதுக்கியதிலிருந்தும்தான் கட்ட வேண்டும்.

ஜிஎஸ்டி பற்றிச் சுருக்கமாக இரண்டு. நீங்கள் ரூ.75,000 என்று நினைப்பதை, 18 விழுக்காடு சேர்ந்து, பெண்ணைப் பெற்றவர் ரூ.88,500 என்றுதான் பார்க்கிறார். அவர் அந்த வரியை எங்கும் திரும்பப் பெற முடியாது. பக்கத்து மண்டபத்தின் வாடகையோடு ஒப்பிடும்போது வரி சேர்த்த தொகையையே ஒப்பிடுங்கள். இரண்டாவது, சேவைக்கு வாங்கும் முன்பணத்துக்கு, வாங்கிய மாதத்திலேயே வரி கட்ட வேண்டும். கல்யாணம் அடுத்த ஆண்டு தையில் இருந்தாலும் அப்படித்தான். உங்கள் கணக்கில் முன்பணம் நிகழ்ச்சி நடந்த மாதத்தில் ஏறியிருக்கிறது. ஆடிட்டரிடம் இதைக் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

புதிய வாடகையை, இனி முன்பதிவு செய்பவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டவர்களிடம் ரசீதில் எழுதிய தொகைக்கு மேல் கேட்கக் கூடாது. வரும் ஆண்டின் பஞ்சாங்கம் வந்தவுடன் மகனையும் மேலாளரையும் வைத்துக்கொண்டு அந்த 24க்கு ஒத்த நாட்களைக் குறித்து விடுங்கள். பென்சில் குறிப்பில் இனி இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: கேட்டவர் நாள் கிடைக்காமல் போனாரா, வாடகையைக் கேட்டுவிட்டுப் போனாரா என்பதை. அந்த 24 நாட்களில் வாடகையைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் கூடி, கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதும் நாள் காலியாக நின்றால் ரூ.75,000 அதிகம்; பழையபடி எல்லா நாளும் ஆறு மாதத்துக்கு முன்பே நிறைந்துவிட்டால் அது இன்னும் குறைவு. ஆவணி முகூர்த்தங்கள் முடிந்ததும் அந்தக் குறிப்பையும் மீட்டர் நோட்டையும் அனுப்பிவையுங்கள், ரூ.4,000 என்று நான் போட்ட மின்சாரக் கணக்கை அதை வைத்துத் திருத்தித் தருகிறேன்.

இப்படிக்கு,
அடக்கவிலைக் கணக்காளர்